உப்பு வாரி முடிப்பதற்குள்

நிதி ஒப்புதல் கடிதம் வந்த அன்று துறையில் எல்லோருக்கும் லட்டு கிடைக்கும். துறைத் தலைவர் கை குலுக்குவார், யாராவது புகைப்படம் எடுப்பார்கள். அந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அன்றைக்கு யாரும் படிப்பதில்லை. பணம் எந்தத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கணக்கு, எந்தச் சான்றிதழ் வந்தால்தான் அடுத்த தவணை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பதினெட்டு மாதம் கழித்து, கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து நிற்கும்போதுதான் அந்தப் பக்கத்தைத் தேடுவோம்.

விண்ணப்பதாரராகவும் இருந்திருக்கிறேன், நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து பிறர் விண்ணப்பங்களைக் கிளறியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: ஒரு திட்டத்துக்கு மூன்று கோப்புகள் உண்டு. நெறிமுறை அனுமதிக்கு ஒன்று, கால அட்டவணைக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று. மூன்றையும் மூன்று பேர் எழுதுகிறார்கள், மூன்று இடத்தில் படிக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியாகவே இருக்கும். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுப்பது தெரியும்.

ஒரு மாதிரித் திட்டத்தை வைத்துப் பார்ப்போம். கற்பனைத் திட்டம்தான், ஆனால் அதில் வரும் சிக்கல் எதுவும் கற்பனை இல்லை.

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களின் உடலில் வெயில் என்ன செய்கிறது என்று ஒரு பல்கலைக்கழகத் துறை ஆராய விரும்புகிறது. கேள்விகள் இரண்டு. வேலை முடியும் நேரத்தில் எத்தனை பேருக்கு உடலில் நீர் வற்றியிருக்கிறது? அப்படி வற்றுகிறவர்களின் சிறுநீரகம் ஓய்வுக் காலத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, இல்லையா? முதல் கேள்விக்குச் சிறுநீர் மாதிரி போதும். இரண்டாவதற்கு ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த உதாரணம் என்றால், உப்பளத்துக்கு என்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாத்திகளைச் சீர்செய்து, தை மாசி வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். சித்திரை வைகாசியில் வேலை உச்சத்தில் இருக்கும். ஐப்பசி மழை இறங்கினால் அளம் மூடிவிடும், ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். டெல்லியில் இருக்கும் நிதி நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கோ இந்த நாட்காட்டி தெரியாது. அவர்களுடையது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

முதலில் எத்தனை பேர் என்ற கணக்கு. எத்தனை சதவீதம் பேருக்கு நீர்வற்றல் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்போதுதான் தேவைப்படும் எண்ணிக்கை அதிகபட்சமாக வரும், பின்னால் குறைந்துபோகாது. 95 சதவீத நம்பிக்கை, இரண்டு பக்கமும் 5 சதவீதப் பிழை என்று எடுத்தால் சூத்திரம் இது:

n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² = 384.2

ஆக 385 பேர். விண்ணப்பங்களில் பெரும்பாலும் இந்த எண்ணோடு பத்து சதவீதத்தைக் கூட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். நம் திட்டத்தில் அது போதாது. கோடையில் பார்த்த அதே ஆளை மழைக்காலத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போது அவர் அளத்தில் இருக்க மாட்டார். கட்டட வேலைக்குப் போயிருக்கலாம், மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐந்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். இரண்டாம் சுற்றில் 385 பேர் மிஞ்ச வேண்டுமென்றால் முதல் சுற்றில் 385-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 481 வரும்.

இரண்டு சுற்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இதை நம் வசதிப்படி வைக்க முடியாது. ஒரு தடவை கிரியேட்டினின் கூடியிருந்தால் அதற்குப் பல காரணம் இருக்கும். கடும் உடலுழைப்பு, முந்தைய நாள் சாப்பிட்ட கறி, அன்றைய நீர்வற்றல் எல்லாமே அதை ஏற்றிக் காட்டும். சிறுநீரகப் பாதிப்பு நாள்பட்டது என்று சொல்வதற்கு அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வரையறை. ஏப்ரல், மே மாதங்களில் முதல் சுற்று, நவம்பர், டிசம்பரில் இரண்டாம் சுற்று என்று வைத்தால் இந்த நிபந்தனை நிறைவேறுகிறது, வெயிலும் ஓய்வும் எதிரெதிராக நிற்கின்றன. ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று வைத்தால் பணம் செலவாகும், கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை பேர். ஒருவரை வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, முடித்தபின் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஓர் ஆய்வு மாணவர், ரத்தம் எடுக்கத் தெரிந்த ஒருவர், களப்பணியாளர் இருவர் என்று நாலு பேர் கொண்ட குழு ஒரு நாளில் பன்னிரண்டு பேரைப் பார்த்தால் நல்ல வேகம்தான். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, காலம் தாழ்த்தாமல் ஆய்வகத்தில் சேர்த்து சீரத்தைப் பிரிக்க வேண்டும் என்பதால், மாலை வரை அளத்திலேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. 481 பேருக்கு நாற்பது வேலை நாள் ஆகும். ஏப்ரல், மே இரண்டிலும் சேர்த்து 61 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் ஐம்பத்திரண்டு சொச்சம். சித்திரைத் திருநாள், கோடை மழை, ஊரில் ஒரு சாவு, களப்பணியாளருக்குக் காய்ச்சல் எல்லாம் அந்த மீதிப் பன்னிரண்டு நாளுக்குள் அடங்க வேண்டும். அடங்கும், ஆனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொடங்கினால்தான். இருபதாம் தேதி தொடங்கினால் அடங்காது.

இந்த ஏப்ரல் முதல் வாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்போம்.

மனிதர்களை வைத்துச் செய்யும் உடல்நல ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்றால்தான் வளாகத்தில் சட்டென்று புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டி இதன் அமைப்பைச் சொல்கிறது. ஏழு முதல் பதினைந்து உறுப்பினர்கள், தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவர், மருத்துவரோடு சட்டம் தெரிந்தவர், சமூகவியல் தெரிந்தவர், எந்தத் துறையும் சாராத ஒரு சாதாரண மனிதர். அந்தக் கடைசி ஆளைச் சிலர் ஒப்புக்குச் சப்பாணி என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கூட்டத்தின் உருப்படியான கேள்வி பாதி நேரம் அவரிடமிருந்துதான் வரும். 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இத்தகைய குழுக்கள் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். உங்கள் பல்கலைக்கழகக் குழுவின் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். பதிவு காலாவதியான குழு தந்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டியின்படி சில ஆய்வுகளுக்கு முழுக் குழு கூடத் தேவையில்லை, இரண்டு உறுப்பினர்கள் பார்த்து விரைவாக முடித்துவிடலாம். நம் ஆய்வு அந்த வாசல் வழியாகப் போகாது. சிறுநீர் மாதிரியோடு நின்றிருந்தால் அபாயம் குறைந்தபட்சம் என்ற வகையில் வரும். ஊசி போட்டுச் சிறிதளவு ரத்தம் எடுப்பதை வழிகாட்டி அதற்கு ஒரு படி மேலே வைக்கிறது. அதோடு, தினக்கூலிக்குப் போகும் உப்பளத் தொழிலாளி, தன் முதலாளிக்கு முன்னால் ‘மாட்டேன்’ என்று சொல்லக் கூசும் நிலையில் இருப்பவர். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்ற பட்டியலில் வருகிறார். ஆகவே முழுக் குழுவும் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே தாள்கள் போய்ச் சேர வேண்டும். முதல் கூட்டத்திலேயே எந்தத் திருத்தமும் கேட்காமல் அனுமதி கிடைப்பது அபூர்வம். அக்டோபர் கூட்டத்தில் கேள்வி, டிசம்பர் கூட்டத்தில் அனுமதி என்று எடுத்துக்கொண்டால், செப்டம்பரில் விண்ணப்பம் தயாராக இருந்திருக்க வேண்டும். நிதி ஒப்புதல் வந்தபின் நெறிமுறையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த ஆண்டின் கோடை ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொன்று, பெரிய ஆய்வுக்கு முன் இருபது பேரிடம் கேள்விப்பட்டியலைப் போட்டுப் பார்க்கும் முன்னோட்டத்துக்கும் அனுமதி வேண்டும். ‘சும்மா ட்ரையல்தானே சார்’ என்பார்கள். அந்த இருபது பேரும் மனிதர்கள்தான், அவர்கள் கையில் குத்துவதும் நிஜ ஊசிதான். நடந்து முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரும் வழக்கமும் கிடையாது.

குழு என்ன கேட்கும்? அறிவியலைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லோரும் தயாராகத்தான் வருகிறார்கள். சம்மதம் எங்கே, யார் முன்னிலையில், எந்த நேரத்தில் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். அள உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி இணைத்துவிட்டு, அதையே சம்மதம் போலக் காட்டும் விண்ணப்பங்கள் நிறைய வரும். உரிமையாளரின் கடிதம் உள்ளே நுழைவதற்கான சீட்டு, அவ்வளவுதான். தொழிலாளியின் ரத்தத்துக்கு அவர் சம்மதம் தர முடியாது. 2009-2010-இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட செயல்விளக்கத் திட்டம் நாடாளுமன்றக் குழுவின் கடும் கண்டனத்துக்கு ஆளானது நினைவிருக்கலாம். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பது அதில் எழுந்த முக்கியமான குற்றச்சாட்டு. விடுதிக் காப்பாளர் இடத்தில் அளத்துக் கணக்கப்பிள்ளையை வைத்துப் பாருங்கள், குழு எதற்குப் பயப்படுகிறது என்று புரியும்.

ஆகவே சம்மதத்தை அளத்தில் வாங்கக்கூடாது, முதல் நாள் மாலை வீட்டில் போய் வாங்க வேண்டும். தகவல் தாள் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் ‘தங்களது குருதியின் உயிர்வேதியியல் கூறுகள் பகுப்பாய்வு செய்யப்படும்’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், “சார், இது எனக்கே விளங்கலையே. ‘கையிலேருந்து ஒரு ஸ்பூன் ரத்தம் எடுப்போம், கிட்னி நல்லா இருக்கான்னு பார்ப்போம்’னு எழுதப்படாதா?” என்றார். திருத்தம் அப்படியே எழுதப்பட்டது. படிக்கத் தெரியாதவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்திட, அவர் கைநாட்டு வைக்க வேண்டும். ஒருவருக்கு இருபது நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு நாலு மணி நேரம். அது தினமும் மாலை வேலை. விடிகாலையில் அளத்துக்குப் போகும் அதே ஆட்களால் இதையும் செய்ய முடியாது. களப்பணியாளர் இருவர் போதும் என்று நிதிக் கோப்பில் எழுதியவருக்கு இந்த மாலை வேலை தெரியாது. இரண்டு பேர் கூடுதலாகத் தேவை என்பது இங்கே, நெறிமுறைக் கோப்பில்தான் தெரிய வருகிறது.

(ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களை வைத்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். நாவலாசிரியருக்குக் கைநாட்டும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். சில நாள் எனக்குப் பொறாமையாக இருக்கும்.)

குழு கட்டாயம் எழுப்பும் அடுத்த கேள்வி, அவர் இழக்கும் நேரத்துக்கு ஈடு உண்டா என்பது. வேலை முடித்துக் களைத்து நிற்கும் ஒருவரை ரத்தம் கொடுக்க நிறுத்தி வைக்கிறோம். மழைக்காலத்தில் கூலி வேலையிலிருந்து அரை நாள் பிடிக்கிறோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்று முடிவு செய்தால், முதல் சுற்றில் 481, இரண்டாம் சுற்றில் 385, மொத்தம் 866 தடவை. 2,59,800 ரூபாய். தொகையை ரொம்ப ஏற்றினால் பணத்துக்காகவே ஒப்புக்கொள்வார்கள் என்று குழு தடுக்கும். ரொம்பக் குறைத்தால் சுரண்டல். பாதியில் விலகிக்கொள்கிறவருக்கும் அன்றைய தொகையைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் விலகும் உரிமை என்று தாளில் எழுதியதற்குப் பொருளில்லை.

இந்த இரண்டரை லட்சத்துக்கு நிதிக் கோப்பில் இடம் இருக்கிறதா? பல திட்டங்களில் இருக்காது. ஊழியர் சம்பளம், கருவி, நுகர்பொருள், பயணம், இதரச் செலவு, நிறுவனப் பங்கு என்று தலைப்புகள் பிரித்து ஒப்புதல் வந்துவிட்டிருக்கும். ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற நிதி நிறுவனத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இதரச் செலவில் இருக்கும் ஐம்பதாயிரத்திலிருந்து இதை எடுக்க முடியாது. நெறிமுறைக் குழுவுக்கு நாம் கொடுத்த வாக்குறுதியை நிதிக் கோப்பு நிறைவேற்றவிடாது. விண்ணப்பம் எழுதும் நாளிலேயே ‘பங்கேற்பாளர் நேர ஈட்டுத் தொகை’ என்று ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

வரி போட்டாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தணிக்கையாளருக்கு ஒவ்வொரு 300 ரூபாய்க்கும் ரசீது வேண்டும். பெயர், ஊர், கையெழுத்து அல்லது கைநாட்டு. நெறிமுறைக் குழுவுக்கோ, யார் பங்கேற்றார்கள் என்பது வெளியே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ரத்தக் குழாயில் ஒட்டும் எண்ணையே ரசீதிலும் எழுதிவிட்டால், கணக்குப் பிரிவில் கோப்பைப் புரட்டும் எவரும் இன்னாருக்குக் கிட்னி கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். அது அளத்து முதலாளி காதுக்குப் போனால் வேலையே போகலாம். வழி எளிமையானது, முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரசீதில் பெயர் இருக்கட்டும், ஆய்வு எண் இருக்கக்கூடாது. ‘நேர ஈட்டுத் தொகை’ என்பதைத் தவிர உடல்நலம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பெயரையும் எண்ணையும் இணைக்கும் ஒரே பட்டியல் முதன்மை ஆய்வாளரின் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்க வேண்டும். ரசீதுகளும் அந்தப் பட்டியலும் ஒரே கோப்பில் இருக்கக்கூடாது.

இப்போது பணம் வரும் நாளைப் பார்ப்போம். 24 மாதத் திட்டம். டிசம்பரில் நெறிமுறை அனுமதி கையில் இருக்கிறது. முதல் தவணை 14 லட்சம் பிப்ரவரி 10 அன்று வந்து சேர்கிறது. ஆய்வு மாணவரை நியமிக்க விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் என்று எட்டு வாரம் ஆகும். அவர் வந்து சேர ஏப்ரல் பத்து. வெப்ப அழுத்தத்தை அளக்கும் கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, வாங்கி, அளவுத் திருத்தச் சான்றிதழோடு கைக்கு வர மே முடிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரம் போயே போய்விட்டது.

இங்கேதான் பலரும் தவறான முடிவை எடுக்கிறார்கள். கருவி இல்லாமலே, பயிற்சி இல்லாத ஆட்களை வைத்து, மே இருபதுக்குப் பிறகு அரக்கப் பரக்க நூற்றைம்பது பேரைப் பார்த்துவிடுகிறார்கள். முதல் ஆண்டு அறிக்கையில் காட்ட எண்ணிக்கை வேண்டுமே. அந்த நூற்றைம்பது பேரையும் பின்னால் எதனோடும் சேர்க்க முடியாது. அவர்கள் பட்ட வெயிலை யாரும் அளக்கவில்லை. என் முடிவு வேறாக இருக்கும். முதல் கோடையை விட்டுவிட வேண்டும். மே மாதத்தில் இருபது பேரோடு முன்னோட்டம், பிறகு கிராமங்களில் வீடு வீடாகப் போய் உப்பளத் தொழிலாளர் பட்டியல் எடுப்பது. யார் எந்த மாதம் எங்கே இருப்பார், எந்த உறவினர் வழியாக அவரைக் கண்டுபிடிக்கலாம் என்ற விவரம் இரண்டாம் சுற்றில் தங்கமாகும். முதல் சுற்று அடுத்த ஏப்ரலில், இரண்டாம் சுற்று அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில். திட்டம் அதற்கடுத்த பிப்ரவரி 9 அன்று முடிகிறது. இறுக்கம்தான், ஆனால் சாத்தியம். திட்ட விதி இடம் கொடுத்தால் தொடக்கத்திலேயே முப்பது மாதம் கேட்டிருக்கலாம். கடைசியில் கால நீட்டிப்பு கேட்டால் பெரும்பாலும் கூடுதல் பணமில்லாமல்தான் தருவார்கள், அந்த மாதங்களுக்கு ஆய்வு மாணவரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது நம் தலைவலி.

இந்த மாற்றத்தை எழுதி இருவருக்கும் தெரிவிக்க வேண்டும். நிதி நிறுவனத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு நெறிமுறைக் குழுவை மறந்துவிடுகிறோம். குழு பார்த்து அனுமதித்தது பழைய அட்டவணை. அது மாறினால் திருத்தமாக அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஓராண்டைத் தாண்டும் ஆய்வுக்கு ஆண்டுக்கொரு முறை தொடர் மதிப்பீடும் உண்டு. அனுமதி டிசம்பரில் முடிந்துபோயிருக்க, ஏப்ரலில் ரத்தம் எடுத்தால் அந்த 481 பேரின் தரவும் செல்லாக்காசு.

அடுத்தது மார்ச் 31. பணம் வந்து ஏழு வாரம்தான் ஆகியிருக்கிறது, ஆனால் நிதியாண்டு முடிந்துவிட்டது, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். கணக்குப் பிரிவில் ‘யூ.சி.’ என்பார்கள். மத்திய அரசு மானியம் என்றால் ஜி.எப்.ஆர். 12-ஏ என்ற படிவம். சம்பளம், பொதுச் செலவு, சொத்து உருவாக்கம் என்று மானியத்தின் வகைவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். நம் திட்டத்தில் அதுவரை விளம்பரத்துக்கும் தாள் அச்சுக்குமாக 62,000 ரூபாய் செலவு. 13,38,000 மீதி. இதை அப்படியே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை, மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல ஒப்புதல் கேட்கலாம். செலவாகவில்லை என்று காட்டக் கூச்சப்பட்டு, களப்பணிக்கென்று எடுத்துவைத்த முன்பணம் ஒன்றரை லட்சத்தையும், ஆர்டர் மட்டுமே போட்ட கருவியின் விலையையும் செலவு என்று எழுதிவிடுவதுதான் வினை. முன்பணம், ரசீதோடு தீர்க்கப்படும்வரை செலவாகாது. மே மாதம் வரும் பில் முந்தைய ஆண்டின் செலவும் ஆகாது. தணிக்கையில் இரண்டையும் வெட்டிவிடுவார்கள். பிறகு யூ.சி.யில் ஒரு எண், தணிக்கை அறிக்கையில் வேறொரு எண். இரண்டாம் தவணை அங்கேயே நிற்கும்.

வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியும் நம்முடையது இல்லை. 2017-இன் பொது நிதி விதிகள் அதை அரசின் தொகுநிதிக்குத் திருப்பிச் செலுத்தச் சொல்கின்றன. வட்டியில் ஒரு கணினி மேசை வாங்கிவிட்டு, ஓய்வுபெறும் நேரத்தில் கைப்பணத்தைக் கட்டியவர்கள் உண்டு.

ஆய்வு மாணவர் இரண்டு மாதம் தாமதமாகச் சேர்ந்ததில் சம்பளத் தலைப்பில் பணம் மிஞ்சும். 2023-இல் மாற்றியமைத்த விகிதப்படி இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு மாதத்துக்கு 74,000. நாம் தேடிக்கொண்டிருந்த அந்தக் கூடுதல் மாலை நேரக் களப்பணியாளர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தலைப்பு மாற்றக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் தொட வேண்டும். இந்தக் கடிதத்தை முதல் ஆண்டு முன்னேற்ற அறிக்கையோடு சேர்த்து அனுப்புவது நல்லது. அந்த அறிக்கையில் ‘பங்கேற்பாளர் 481-இல் இதுவரை 0’ என்று எழுத வேண்டியிருக்கும். எழுதலாம். ஏன் பூஜ்யம், கோடை எப்படித் தவறியது, மாற்று அட்டவணை என்ன, நெறிமுறைக் குழு அதை எந்தத் தேதியில் ஏற்றது என்று அடுத்த நாலு வரியில் இருந்தால், அறிக்கையைப் படிக்கும் வல்லுநருக்கு அது போதும். அவரும் எங்கோ ஒரு பருவத்தைத் தவறவிட்டவராகத்தான் இருப்பார்.

கடைசியாக ஒரு கணக்கு. இரண்டாம் சுற்றின் ரத்த முடிவுகள் டிசம்பர் கடைசிக்குள் வந்தாக வேண்டும். கட்டுரை எழுதுவதற்காக இல்லை, அதைப் பிப்ரவரிக்குப் பிறகும் எழுதலாம். இரண்டு தடவையும் கிரியேட்டினின் கூடியிருக்கும் ஒருவர் இப்போது ஆய்வுக்குரிய எண் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஆள். அவரிடம் சொல்லிவிடுவோம், அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவோம் என்று தகவல் தாளில் எழுதியிருக்கிறோம். பூட்டிய அலமாரியிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, எண்ணுக்கு நேரே பெயரைப் பார்த்து, வீட்டைத் தேடிப் போக வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும், பேசத் தெரிந்த ஆள் வேண்டும். பிப்ரவரி 9-க்குப் பிறகு பயணத் தலைப்பில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது, ஆய்வு மாணவரும் கிளம்பியிருப்பார். ஜனவரி முழுவதையும் இதற்கென்று அட்டவணையில் காலியாக விட்டிருக்க வேண்டும். அந்த மாதத்தில் பாத்திகளை மறுபடி சீர்செய்யத் தொடங்கியிருப்பார்கள். தேடிப் போகிறவர், நாம் சொல்லும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல்தான் போக வேண்டும்.